ரோல்ஓவர் வாரத்தில் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள்

குறியீட்டு ஃபியூச்சர்ஸில் விலையும், இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் எண்ணிக்கையான ஓப்பன் இன்ட்ரஸ்ட்டும் சேர்ந்து உயர்ந்தால், புதிய ஒப்பந்தங்கள் உருவாகின்றன என்றும், விலையை ஏற்றிக்கொடுத்தாவது வாங்க ஆள் இருக்கிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் காலாவதி நெருங்கும் வாரத்தில் அடுத்த மாத ஒப்பந்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

உதாரணமாக, நடப்பு மாதத்தில் 1,00,000 ஆக இருந்த ஒப்பந்தங்கள் 60,000 ஆகக் குறைய, அடுத்த மாதத்தில் 20,000 என்பது 55,000 ஆக உயர்ந்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்த மாதக் கணக்கு பாய்ந்ததுபோல் தெரியும். இரண்டையும் கூட்டினாலோ 1,20,000 என்பது 1,15,000 ஆகச் சுருங்கியிருக்கும். பெரும்பாலும் பழைய நிலைகளே ரோல்ஓவர் ஆகி அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறியிருக்கின்றன. அப்போது விலையும் ஏறியிருந்தால், முன்பு விற்றவர்கள் திரும்ப வாங்கி வெளியேறியது காரணமாக இருக்கலாம். அந்த ஏற்றத்தைப் புதிய வாங்கல் என்று நான் எண்ண மாட்டேன்.

கூட்டுத்தொகையே உயர்ந்தாலும், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் எதிரில் ஒரு விற்பவர் உண்டு. அவர் கையிலுள்ள பங்குகளுக்குக் காப்பாகவும் விற்றிருக்கக்கூடும்.