ஃபீட்பேக்கில் நடத்தையைச் சொல்லுங்கள், குணத்தை அல்ல

சூழல், நடத்தை, தாக்கம் என்று மூன்று படிகளில் ஃபீட்பேக் சொல்லும் முறையை உருவாக்கியது அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் நிறுவனம். ஆங்கில முதலெழுத்துகளை வைத்து எஸ்.பி.ஐ. என்பார்கள். எங்கே, எப்போது நடந்தது, அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். முறை எளிதுதான். ஆனால் பெரும்பாலோர் சறுக்குவது இரண்டாம் படியில்.

"நேத்து கிளையன்ட் கால்ல ரொம்ப ஆதிக்கமா நடந்துக்கிட்டீங்க." இதில் சூழல் இருக்கிறது, நடத்தை இல்லை. 'ஆதிக்கம்' என்பது நாம் போட்ட முடிவு. கேட்பவர் உடனே "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்பார். அதன்பின் பேச்சு அவருடைய குணத்தைப் பற்றிய வாக்குவாதமாகிவிடும், எதை மாற்றுவது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. சொல்லும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள்: அந்த வார்த்தை வீடியோவில் பதிவாகுமா? 'பொறுப்பில்லை', 'ஆர்வம் இல்லை' எதுவும் பதிவாகாது. குறுக்கே பேசியது பதிவாகும். 'எப்பவும் இப்படித்தான்' என்பதும் தேறாது. விதிவிலக்காக ஒரே ஒரு நாளை அவர் எடுத்துக்காட்டினால் போதும், நீங்கள் சொன்னது அத்தனையும் அடிபட்டுப்போகும்.

அதே விஷயத்தை இப்படிச் சொல்லலாம்: "நேத்து 11 மணி கால்ல, டெஸ்ட் ரிசல்ட்டை நம்ம டெஸ்டர் விளக்கிட்டு இருந்தப்போ, முடிக்கிறதுக்குள்ள நீங்க ரெண்டு தடவை குறுக்கே பேசினீங்க. ரெண்டாவது தடவைக்கு அப்புறம் அவங்க பேசவே இல்ல. ரிலீஸ் தேதி பத்தி கிளையன்ட் கேட்டதுக்குப் பதில் சொல்லாமலே கால் முடிஞ்சது. சாயங்காலம் நான் தனியா மெயில் போட வேண்டியதாயிடுச்சு."

தாக்கத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. "டீமே உங்க மேல கோபமா இருக்கு" என்றால், யார் சொன்னது என்று தேடுவதில்தான் அவர் மனம் போகும். நீங்கள் கண்டதையும் உங்களுக்கு நேர்ந்ததையும் மட்டும் சொல்லுங்கள். பாராட்டுக்கும் இதுவே பொருந்தும். 'சூப்பர்' என்றால் எதைத் திரும்பச் செய்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றையும் சொன்னதோடு பேச்சை முடிப்பது இன்னொரு தவறு. அவர் என்ன நினைத்துச் செய்தார் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் நோக்கத்தைக் கேட்பதை அந்த நிறுவனமே பின்னர் நான்காம் படியாகச் சேர்த்தது. "ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்றால் விசாரணை போல ஒலிக்கும், "அப்போ உங்க மனசுல என்ன ஓடிட்டு இருந்துச்சு?" என்றால் பேச வருவார். மேலே சொன்ன கிளையன்ட் கால் விஷயத்தில், "இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கேன்னு பதறிட்டேன்" என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் சரிசெய்ய வேண்டியது நேரப் பிரச்சினை. "அடுத்த தடவை நேரம் குறைஞ்சா டெஸ்டருக்கு சாட்ல ஒரு வரி போடுங்க, அவங்களே முடிச்சுக்கட்டும்" என்று கேட்கலாம். இந்த வேண்டுகோள் அந்த மூன்று படிகளில் இல்லை, நாம்தான் சேர்க்க வேண்டும்.