மாவு மில்லின் குட்வில் எவ்வளவு? கணக்கு வழுக்கும் இடங்கள்

சுங்கை சிப்புட்டில் ஒரு மாவு மில். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்பதோடு பாக்கெட் மசாலாவும் போடுகிறார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் பாதி வீடுகளுக்கு இந்த மில்லின் கறித்தூள்தான். சரிபாதிப் பங்காளிகள் இரண்டு பேர், மாமன் மச்சான் உறவு. மாமா விடிந்தால் மில்லில் நிற்பார். மச்சான் ஈப்போவில் வேறு வேலை பார்க்கிறார், முதல் மட்டும் போட்டிருக்கிறார். இப்போது அவர் விலகுகிறார், அதனால் குட்வில்லுக்கு, அதாவது நற்பெயருக்கு, விலை போட வேண்டும். ஆளுக்கொரு தாளோடு என்னிடம் வந்தார்கள்.

மச்சானின் தாளில் 2022-இன் லாபம் 79,000 ரிங்கிட், 2023-இல் 85,000, 2024-இல் 109,000 என்று இருந்தது. சராசரி 91,000. அதை இயல்பு விகிதமான, அதாவது இந்த மாதிரித் தொழிலில் போட்ட முதலுக்கு வழக்கமாகக் கிடைக்கும், 15 சதவீதத்தால் வகுத்து, "குட்வில் ஆறு லட்சத்துச் சொச்சம்" என்று கோடு போட்டிருந்தார்.

அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. சராசரி லாபத்தை விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது மொத்த வியாபாரத்தின் மதிப்பு. இயந்திரம், சரக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. கடன்கள் போக மிஞ்சும் நிகரச் சொத்தை அதிலிருந்து கழித்தால்தான் நற்பெயர் தனியாகத் தெரியும். கழிக்காமல் விட்டால், மில் இயந்திரத்துக்கு ஒரு தடவை, நற்பெயர் என்ற பெயரில் இன்னொரு தடவை என்று மாமா இரண்டு முறை காசு கொடுப்பார்.

சரி, கழித்துவிட்டால் போதுமா? அந்த 91,000 என்ற எண்ணே சரியில்லை. 2024-இன் லாபத்தில் பழைய லாரியை விற்ற வகையில் 18,000 ரிங்கிட் கலந்திருக்கிறது. லாரியை வருஷா வருஷம் விற்க முடியாது. அதை எடுத்தால் சராசரியில் 6,000 குறைந்து 85,000 ஆகும்.

அடுத்ததில்தான் இருவருக்கும் குரல் உயர்ந்தது. மில்லை ஓட்டும் மாமாவுக்குச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பாதிதான். அந்த வேலைக்கு வெளியாளை வைத்தால் மாதம் 2,500 ரிங்கிட்டாவது கொடுக்க வேண்டும், அதாவது வருஷத்துக்கு 30,000. "பங்காளிக்கு எதுக்குச் சம்பளம்? சட்டத்துலயே இல்லையே" என்றார் மச்சான். அவர் சொன்னதும் பொய்யில்லை. மலேசியாவின் 1961-ஆம் ஆண்டு பங்குடைமைச் சட்டப்படி, தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் பங்காளி தன் உழைப்புக்கு ஊதியம் கேட்க முடியாது. ஆனால் அந்த விதி லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு. நாம் கேட்கும் கேள்வி வேறு: மாமா நாளைக்கே மில்லுக்கு வராவிட்டால் மிச்சம் நிற்கும் லாபம் எவ்வளவு? அவர் கை உழைப்பின் கூலியை மில்லின் நற்பெயர் என்று விற்க முடியாது. சின்ன ஊர்க் கடைகளின் கணக்கைப் பார்த்தால், "நல்ல லாபம்" என்று சொல்வதில் பெரும் பகுதி இந்தக் கொடுக்காத சம்பளம்தான். கடைக் கட்டடம் பங்காளியுடையதாக இருந்து வாடகை வாங்காமல் விட்டிருந்தால் அதுவும் இதே கதைதான்.

இனி முதல். ஐந்தொகையில் நிகரச் சொத்து 370,000. அதில் 30,000 பழைய நற்பெயர், மில்லை முந்தைய உரிமையாளரிடம் வாங்கியபோது எழுதியது. இன்னொரு 40,000 வங்கியில் நிரந்தர வைப்பு. மாமா தன் தாளில் இரண்டையும் அப்படியே விட்டிருந்தார். அவருக்கு லாபம்தானே, முதல் கூடினால் நற்பெயர் குறையும். நற்பெயரை அளக்கப் போகும் தராசில் பழைய நற்பெயரே உட்கார்ந்திருக்கக் கூடாது. வைப்புத் தொகையும் மிளகாய் அரைக்கவில்லை. ஆக, மில்லில் உழைக்கும் முதல் 300,000.

வைப்பை எடுத்தவுடன் அதன் வட்டியையும் லாபத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்து மற்றதை விடுவது எனக்கே நடந்திருக்கிறது. அன்றும் முதல் தடவை விட்டுவிட்டேன், கூட்டிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. வட்டி வருஷத்துக்கு 1,000. ஆக 85,000-இல் சம்பளம் 30,000, வட்டி 1,000 போக நிலைத்து நிற்கும் லாபம் 54,000.

இப்போது இரண்டு முறையையும் போடலாம்.

உயர் லாப முறையில், 300,000-க்கு 15 சதவீதம் இயல்பு லாபம், 45,000. அதற்கு மேல் மில் சம்பாதிப்பது 9,000, அதுதான் உயர் லாபம். மூன்று ஆண்டுக் கொள்முதல், அதாவது மூன்று வருஷ உயர் லாபத்துக்கு விலை கொடுப்பது, என்று வைத்தால் நற்பெயர் 27,000.

சராசரி லாபத்தை மூலதனமாக்கும் முறையில், 54,000-ஐ 15 சதவீதத்தால் வகுத்தால் 360,000. மில்லில் உழைக்கும் முதல் 300,000 போக நற்பெயர் 60,000.

"ஒரே மில்லுக்கு ரெண்டு விலையா, எங்கயோ தப்பு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். தப்பு இல்லை. மூலதனமாக்கும் முறை அந்த 9,000 உயர் லாபம் என்றைக்கும் வந்துகொண்டே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. மற்றது மூன்று வருஷத்துக்கு மட்டும் காசு கொடுக்கிறது. சரிபார்க்க வழி இருக்கிறது: 9,000-ஐ 15 சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், அதே 60,000 வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் ஒரு முறையில் ஒரு முதலையும் இன்னொன்றில் வேறு முதலையும் போட்டிருக்கிறீர்கள்.

விகிதத்தைப் பற்றி ஒரு சண்டை பாக்கி இருந்தது. ஊழியர் சேமநிதியான இபிஎஃப் 2023-க்கு 5.5 சதவீதம் லாப ஈவு கொடுத்ததே, அதையே போடலாமே என்று மச்சான் கேட்டார். போட்டுக் காட்டினேன்: நற்பெயர் 680,000-ஐத் தாண்டியது. மில் ஓட்டும் தொழிலில் வாடிக்கையாளர் பாக்கி வைப்பார், கல் தேயும், மிளகாய் விலை ஏறும். இபிஎஃப்பில் போட்ட பணத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதனால் இயல்பு விகிதத்தை அதே மாதிரித் தொழிலில், அதே அளவுக் கடைகளில் என்ன கிடைக்கிறதோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இங்கே ஒரு புள்ளி அசைந்தாலும் விலை எகிறும். 12 சதவீதம் என்றால் மூலதனமாக்கும் முறையில் 150,000, 18 சதவீதம் என்றால் பூஜ்யம். உயர் லாப முறையிலும் 18-இல் பூஜ்யம்தான், ஆனால் 12-இல் 54,000-க்கு மேல் போகாது. விகிதத்தில் உறுதியில்லாத போது எனக்கு உயர் லாப முறைதான் பிடிக்கும்.

தோட்டங்களில் ஆள் குறைந்து, பிள்ளைகள் பட்டணம் போய்விட்ட ஊரில் என்றைக்கும் வரும் லாபம் என்பதை நம்பவும் மனசு வரவில்லை. பங்காளி ஒப்பந்தத்தில் முறை எழுதியிருந்தால் என் விருப்பத்துக்கு வேலையில்லை, எழுதியபடிதான் போக வேண்டும். இவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

கடைசியில் 27,000 என்று ஒத்துக்கொண்டார்கள். மாமா முழுத் தொகையையும் எழுதப் போனார். நிறுத்தினேன். நற்பெயரில் மச்சானுக்குச் சேர வேண்டியது அவருடைய பாதி, 13,500. கணக்கிலிருந்து தள்ளி வைத்த அந்த 40,000 வைப்பிலும் அவருக்கு 20,000 உண்டு. அதை மட்டும் இருவருமே மறந்திருந்தார்கள்.