போலி ப்ரொஃபைல் புகாரா? லிங்க் போடுங்க

உங்க பேர், போட்டோ வச்சு எவனோ ஃபேஸ்புக்ல போலி ப்ரொஃபைல் ஆரம்பிச்சு "அவசரம், ஜிபே பண்ணு"ன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காசு கேட்டா, சப்போர்ட்டுக்கு எழுதுற புகார்ல வெறும் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வைக்காம அந்த ப்ரொஃபைல் லிங்க்கையும் உங்க ஒரிஜினல் லிங்க்கையும் சேர்த்துப் போடுங்க. ரெண்டுலயும் பேரும் மூஞ்சியும் ஒண்ணுதானே, ஸ்க்ரீன்ஷாட்ட பாத்து எது போலின்னு அவங்க எப்படி கண்டுபிடிப்பாங்க? அவன் பேர மாத்திட்டாக்கூட லிங்க்ல `profile.php?id=`க்கு அப்புறம் வர்ற நம்பர் மாறாது. பெரும்பாலும் உங்கள பிளாக் பண்ணிருப்பான், அதனால மெசேஜ் வந்த ஃப்ரெண்டையே அந்த ப்ரொஃபைல்ல மூணு புள்ளிய அமுக்கி லிங்க்க காப்பி பண்ணி அனுப்பச் சொல்லுங்க. "முதல் லிங்க் நான், ரெண்டாவது என் பேர்ல காசு கேக்குறவன்"னு எழுதினா போதும், புலம்பல் எல்லாம் வேணாம்.

யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பிட்டா இந்தப் புகாரால காசு திரும்பாது, அனுப்பினவங்க உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடணும்.