பிக்குவின் பாத்திரத்தில் சோறு வைப்பது பிச்சை போடுவது இல்லை

பாங்காக்கில் விடியற்காலை ஆறு மணிக்குச் சந்தைப் பக்கம் போனால் இதைப் பார்க்கலாம். காவி உடுத்திய பௌத்தத் துறவி, அதாவது பிக்கு ஒருவர் வெறுங்காலோடு வருவார், ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சோறும் ரப்பர் பேண்ட் போட்ட குழம்புப் பையும் நெற்றிவரை உயர்த்தி அவர் பாத்திரத்தில் வைப்பார். பிக்கு பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ஒரு வாழ்த்து ஓதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நன்றி என்று ஒரு வார்த்தை வராது. தாய்லாந்துக்காரர்கள் இதைத் 'தம்புன்' என்கிறார்கள், புண்ணியம் செய்வது என்று பொருள். அந்தப் 'புன்' நம்முடைய புண்ணியமேதான், பாலி வழியாகப் போனது.

நம்மில் பலர் தவறுவது இங்கேதான், பார்த்த உடனே பிச்சை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிக்கு என்ற சொல்லுக்கே பிச்சையேற்று வாழ்பவர் என்றுதான் பொருள், அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் வாய் திறந்து கேட்பதில்லை, இது வேண்டும் அது வேண்டும் என்பதும் இல்லை. கொடுப்பவர்தான் 'நிமோன்' என்று அழைக்க வேண்டும், அதாவது எழுந்தருளுங்கள் என்பது போல. அவர் வாங்கிக்கொண்டால்தான் இவருக்குப் புண்ணியம் என்பதால், உண்மையில் உதவி பெறுகிறவர் கொடுப்பவர். நன்றி சொல்லாததற்கும் காரணம் இதுதான்.

வாங்க மறுத்தால் என்ன ஆகும் என்பதை 2007 செப்டம்பரில் பர்மாவில் பார்த்தோம். ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போன பிக்குகளில் சிலர் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்கள். ராணுவத்தார் தரும் உணவை ஏற்க மாட்டோம், அவர்களுக்குப் புண்ணியம் தேடும் வழியை அடைக்கிறோம் என்பது அதன் பொருள். பிக்குகளின் ஒழுங்கு விதிகளான வினயத்தில் முறைப்படி உள்ள தண்டனை இது. பர்மிய மொழியில் வேலைநிறுத்தத்துக்கே 'பாத்திரத்தைக் கவிழ்ப்பது' என்றுதான் சொல்.

அடுத்தது, இதை நம்ம ஊர் அன்னதானத்தோடு ஒன்றாக வைத்துப் பார்ப்பது. அன்னதானத்தில் பசிதான் முதல் கணக்கு. இங்கே சங்கத்தை, அதாவது பிக்குகளின் கூட்டத்தைப் 'புண்ணிய வயல்' என்கிறார்கள், ஒரே விதை நல்ல நிலத்தில் விழுந்தால் கூடுதலாக விளையும் இல்லையா, அப்படி. பசித்தவருக்குக் கொடுப்பதும் புண்ணியம்தான், நாய்க்குச் சோறு வைப்பதும் புண்ணியம்தான், விளைச்சலில்தான் வித்தியாசம்.

சரி, அப்படியானால் நிறையச் செலவு செய்தால் நிறையப் புண்ணியமா? இந்தக் கணக்குக்குப் பாலி நூல்களே ஒரு கதையால் பதில் சொல்கின்றன. சாவத்தி நகரத்தில் பெரும் பணக்காரன் ஒருவன் வாரிசில்லாமல் செத்துப்போகிறான். அத்தனை சொத்திருந்தும் அவன் தின்றது நொய்யும் புளித்த கஞ்சியும், போனது இற்றுப்போன வண்டியில். காரணம் கேட்டால் புத்தர் சொல்வது இது: முற்பிறவியில் ஒரு பச்சேக புத்தருக்கு, அதாவது குரு இல்லாமல் தானே ஞானம் பெற்ற ஒருவருக்கு உணவு கொடுக்கச் சொன்னவன், கொடுத்த பிறகு 'இதை வேலைக்காரர்கள் சாப்பிட்டிருந்தாலாவது பிரயோஜனம்' என்று வருந்தினான். கொடுத்ததற்குச் செல்வம் வந்தது, வருந்தியதற்கு அதை அனுபவிக்கும் மனம் வராமல் போனது. கொடுக்குமுன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்த பின் நிறைவு, இந்த மூன்றையும் சேர்த்தே எடை போடுகிறார்கள். எனக்கு மூன்றாவதுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது, கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பர்ஸைப் பார்க்கிற நேரம் அது.

என்ன கிடைக்கும் என்றால், உணவு கொடுப்பவர் ஆயுள், அழகு, சுகம், பலம், கூர்மையான அறிவு ஆகிய ஐந்தைக் கொடுக்கிறார், அதே ஐந்தும் அவருக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை. பிக்கு ஓதும் வாழ்த்தில் 'ஆயு, வண்ணோ, சுகம், பலம்' என்று வருவதும் இதைத் தொட்டுத்தான். இந்தப் பலன் அடுத்த பிறவியிலும் வரலாம், நேர்த்திக்கடன் மாதிரி கைமேல் எதிர்பார்க்கக் கூடாது.

இறந்தவர்களுக்காகச் செய்வதிலும் ஒரு குழப்பம் உண்டு. சோறு தாத்தாவுக்கு நேராகப் போய்ச் சேர்வதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை, புண்ணியத்தைத்தான் பகிர்கிறார்கள், வாழ்த்து ஓதும்போது சின்னக் கிண்ணத்தில் நீர் வார்ப்பது அதற்காக. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் முதல் விளக்கு மங்காதது போல, பகிர்ந்தால் நமக்குக் குறையாதாம். ஆனால் அந்த ஜீவன் பேத உலகில், அதாவது பசியோடு அலையும் ஆவிகளின் உலகில் பிறந்திருந்தால்தான் அது எட்டும்.

அப்புறம் நடைமுறை. பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, உணவை மறுநாளுக்கு எடுத்து வைக்கவும் கூடாது, அதனால் சமைத்ததைக் காலையிலேயே கொடுக்க வேண்டும். பெண்கள் பாத்திரத்தில் நேராகவே வைக்கலாம், தொடாமல் இருந்தால் போதும். கையில் தரும் பொருளென்றால் தாய்லாந்தில் அவர் ஒரு துணியை விரிப்பார், அதன்மேல் வையுங்கள். கடையில் விற்கும் மஞ்சள் வாளி, அதாவது சோப்பு, பற்பசை, டப்பா உணவு எல்லாம் அடுக்கிக் கட்டியது, அதை வாங்கினால் அடியில் இருக்கும் டப்பாக்களின் தேதியையும் பாருங்கள்; காலாவதியானதை உள்ளே தள்ளிக் கட்டி விற்பதும் நடக்கிறது.