வீட்டுக் கடனை முடித்த பிறகு நோ டியூ சர்டிபிகேட் வாங்குவது எப்படி? அதில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

கடைசித் தவணை கட்டியதோடு வீட்டுக் கடன் முடிந்துவிடாது. வங்கிக் கணினியில் கணக்கு மூடப்பட வேண்டும், அடமானமாகக் கொடுத்த பத்திரம் திரும்பி வர வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அடமானம் நீங்க வேண்டும், சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாகக் காட்ட வேண்டும். இந்த நான்கிலும் எங்கே சிக்கல் வந்தாலும் முதலில் கேட்கப்படும் காகிதம், கடனில் பாக்கி ஏதும் இல்லை என்று வங்கி எழுதித் தரும் நோ டியூ சர்டிபிகேட்தான். என் வீட்டுக் கடனைக் காலத்துக்கு முன்பே முடித்தபோது நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பத்திரத்தை வங்கியில் வைத்து, அப்படி வைத்ததை எம்ஓடி என்ற ஆவணமாகச் சார்பதிவாளரிடம் பதிவு செய்து வாங்கிய கடனுக்கு இது பொருந்தும்.

1. முடிக்கும் தொகையை எழுத்தில் வாங்குங்கள்

நெட் பேங்கிங்கில் தெரியும் பாக்கியை அப்படியே கட்டிவிடாதீர்கள். அதில் இன்று வரையிலான வட்டி சேர்ந்திருக்காது. கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பி ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு பாருங்கள். அசல் பாக்கி 4,12,600 ரூபாய், வட்டி 8.5 சதவீதம். ஆண்டு வட்டி 35,071 ரூபாய். 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 96 ரூபாய். ஸ்டேட்மெண்ட் 10-ஆம் தேதி வரை செல்லும் என்றிருக்க, நீங்கள் 13-ஆம் தேதி கட்டினால் 288 ரூபாய் குறையும். அந்த 288 ரூபாய்க்காகக் கணக்கு மூடப்படாமல் கிடக்கும். கட்டத் தாமதமான தொகையாக அது சிபிலுக்கும் போகலாம். நாலு லட்சம் கட்டிய நிம்மதியில் இருக்கும் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

தனிநபர் பெயரில் உள்ள, மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஸ்டேட்மெண்டில் அப்படி ஒரு வரி இருந்தால் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

அப்டேட்: கருத்துப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியது இது. வீட்டுக் கடனோடு சேர்த்துக் கொடுத்த காப்பீட்டின் பிரீமியத்தையும் வங்கி தனிக் கடனாகப் போட்டிருக்கிறது, அதற்குத் தனிக் கணக்கு எண். பெரிய கடனை முடித்த பிறகும் இந்தச் சின்னக் கணக்கு ஓடிக்கொண்டிருந்ததால் பத்திரம் வரவில்லை. டாப்-அப் கடனிலும் இதே கதைதான். அதனால் மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: "என் வாடிக்கையாளர் எண்ணில் உள்ள எல்லாக் கடன் கணக்குகளுக்கும் முடிக்கும் தொகை வேண்டும்."

2. பணம் கட்டுவது

சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் கணக்குக்கு நேரடியாக மாற்றுங்கள். வேறு வங்கியிலிருந்து என்றால் ஆர்டிஜிஎஸ் அல்லது நெஃப்ட், பணம் போனதற்கு அடையாளமான யுடிஆர் எண்ணைக் குறித்து வையுங்கள். தவணைத் தேதி 5 என்றால் 3-ஆம் தேதி கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். தானாகப் பிடிக்கும் உத்தரவு ரத்தாகாவிட்டால் 5-ஆம் தேதி தவணையும் போய்விடும். திரும்ப வரும், ஆனால் உங்கள் நேரமும் போகும். கட்டிய அன்றே ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மெண்டை எடுத்து, கடைசி வரியில் பாக்கி பூஜ்யம் என்று இருக்கிறதா பாருங்கள்.

3. சர்டிபிகேட்: இங்கேதான் நின்று படிக்க வேண்டும்

எனக்கு முதலில் கிளையில் கொடுத்த கடிதம் இரண்டே வரி. வங்கியின் லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் இருந்தன. "மேற்படி கணக்கில் இன்றைய தேதியில் தவணை நிலுவை ஏதும் இல்லை" என்பதுதான் அதன் சாரம். பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் எந்தக் கடனுக்கும் இதே கடிதத்தைக் கொடுக்கலாம். இன்னும் பத்து வருடம் பாக்கி இருந்தாலும் "இன்றைக்கு நிலுவை இல்லை" என்பது உண்மைதான். கடன் முடிந்தது என்று அந்தக் கடிதம் எங்கேயும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்து வேறு கேட்டேன். "எல்லாருக்கும் இதுதான் சார் தர்றோம்" என்றார் அதிகாரி. என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி, கடிதமாகக் கொடுத்த பிறகுதான் சரியானது வந்தது.

அதில் இருக்க வேண்டிய மையமான வாக்கியம் ஏறக்குறைய இப்படி:

"திரு/திருமதி ... மற்றும் இணைக் கடனாளி ... ஆகியோர் பெயரில், ... தேதியில் அனுமதித்த ... ரூபாய் வீட்டுக் கடன் (கணக்கு எண் ...) அசல், வட்டி, இதர கட்டணங்கள் உட்பட முழுமையாகச் செலுத்தப்பட்டு ... தேதியில் கணக்கு மூடப்பட்டது. இக்கடன் தொடர்பாக வங்கிக்கு வர வேண்டிய தொகை ஏதும் இல்லை. கீழ்க்கண்ட சொத்தின் மீது வங்கிக்கு எந்த உரிமையும் இல்லை."

சர்டிபிகேட் ஆங்கிலத்தில்தான் வரும். மொழி எதுவானாலும் இதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மூடிய தேதி இல்லாவிட்டால், அதற்குப் பிறகு வங்கி சிபிலுக்குத் தவறாக ஏதாவது அனுப்பியிருந்தால் நிரூபிக்க வழியில்லை. கணக்கு எண் முழுதாக இருக்க வேண்டும், கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதாது. வங்கிகள் இணைந்தபோது பழைய எண்கள் பல இடங்களில் மாறியிருக்கின்றன. உங்களுக்கும் அப்படி மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் போடச் சொல்லுங்கள். இணைக் கடனாளி பெயர் விடுபட்டால் அவருடைய சிபில் அறிக்கையில் கடன் ஓடுவதாகக் காட்டும்போது இந்தக் காகிதம் அவருக்கு உதவாது. சொத்து விவரத்தில் சர்வே எண்ணும், எம்ஓடி பதிவு எண்ணும் ஆண்டும் வேண்டும்.

இன்னொன்று முக்கியம். "செட்டில்மெண்ட்" என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. முழுத் தொகையைக் கட்ட முடியாமல், பேசிக் குறைத்துக் கட்டியவர்களுக்கான சொல் அது. சிபிலில் Closed என்றால் ஒழுங்காக முடித்தவர், Settled என்றால் வங்கிக்கு நஷ்டம் வைத்தவர். அடுத்த கடன் கேட்கும்போது இந்த வித்தியாசம் பேசும்.

"கணினியில் தயாரானது, கையெழுத்து தேவையில்லை" என்று வரும் பிடிஎஃப் சிபிலுக்குப் போதும். நான் அதோடு நிறுத்த மாட்டேன். அதிகாரியின் பெயர், பதவி, மையில் கையெழுத்து, கிளை சீல் உள்ள காகிதப் பிரதியும் வாங்கிவிடுவேன். கேட்கும்போது கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். கால் சென்டரை நான் நம்புவதில்லை, அங்கே தரும் புகார் எண்ணுக்குக் கிளையில் மதிப்பு கிடைப்பதில்லை.

ஏன் உடனே? ஆறு மாதம் கழித்துப் போனால் உங்கள் கடனைத் தெரிந்த அதிகாரி மாற்றலாகி இருப்பார். கோப்பு வேறு ஊர்க் கிடங்குக்குப் போயிருக்கும். வங்கியே மாறியிருக்கவும் வாய்ப்புண்டு: அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1-இல் இந்தியன் வங்கியோடு இணைந்தது, வீட்டுக் கடனுக்கே பெயர் போன ஹெச்டிஎஃப்சி நிறுவனம் 2023 ஜூலை 1-இல் ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தது. பழைய கடனை யார் பெயரில் ரத்து செய்வது என்று அலைய வேண்டியதில்லை, முடித்த மாதமே வாங்கிவிட்டால்.

4. பத்திரங்கள்

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-இல் வெளியிட்ட உத்தரவின்படி, கடனை முழுதாக முடித்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தந்து, பதிவான உரிமைகளையும் நீக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஆவணம் தொலைந்திருந்தால் நகல் வாங்க உதவி செய்து செலவையும் ஏற்க வேண்டும், அதற்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. 30 நாளை எண்ணத் தொடங்க முடித்த தேதி வேண்டும் அல்லவா? சர்டிபிகேட்டில் தேதி கேட்பது இதற்காகவும்தான்.

கடன் வாங்கியபோது ஆவணப் பட்டியல் ஒன்று தந்திருப்பார்கள். அதை எடுத்துப் போய், கிளையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், வரைபட அனுமதி எல்லாம் அசலா நகலா, எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள். இணைக் கடனாளியும் வர வேண்டும் என்று வங்கி கேட்கலாம். அவர் வெளிநாட்டில் இருந்தால் என்ன கடிதம் வேண்டும் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

5. எம்ஓடி ரத்து

பத்திரம் கையில் வந்தாலும் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். எம்ஓடி பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், வங்கி அதிகாரி வந்து கையெழுத்திட்டு, கடன் தீர்ந்தது என்று சொல்லும் ரசீது ஆவணம் பதிவு செய்ய வேண்டும். பத்திர எழுத்தரை வங்கியே சொல்லும், நீங்களே பார்த்தும் வைத்துக்கொள்ளலாம். அதிகாரி வரும் நாளை உறுதி செய்த பிறகு டோக்கன் போடுங்கள். அப்புறம் சில நாள் விட்டு tnreginet.gov.in-இல் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எம்ஓடி பதிவு அழிந்து போகாது, கீழே ரசீது ஆவணம் புதிதாக ஒரு வரியாக வரும். அந்த வரியில் பழைய எம்ஓடி எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எண் தவறினால் வீடு வாங்க வருபவரின் வக்கீல் கடன் இன்னும் இருக்கிறது என்றுதான் சொல்வார்.

6. சிபில்

இரண்டு மாதம் கழித்து அறிக்கை எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். கடன் Closed என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்டிபிகேட்டின் நகலோடு வங்கிக்கும் சிபிலுக்கும் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரமோ சர்டிபிகேட்டோ வராமல் வங்கி இழுத்தடித்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் புகார்.

இன்னொரு அப்டேட்: பைக், கார் கடனுக்கும் இதுவா என்று பலர் கேட்டிருந்தார்கள். அதற்குச் சார்பதிவாளர் கிடையாது, ஆர்டிஓதான். நோ டியூ சர்டிபிகேட்டோடு, நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதி வாங்குங்கள். நிறுவனங்கள் தரும் என்ஓசியில் பெரும்பாலும் மூன்று மாதக் கெடு அச்சிட்டிருக்கும், அதற்குள் ஆர்சியில் அடமானப் பெயரை நீக்கி, அப்படியே வண்டிக் காப்பீட்டிலும் மாற்றிவிடுங்கள்.