டீலர்களிடம் கொட்டேஷன் கேட்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் என் தங்கை மகன் கார் வாங்கப் போவதாகச் சொல்லி, மூன்று டீலர்களுக்கு எழுதிய மெயிலைக் காட்டினான். 'ஆன்-ரோடு பிரைஸ் அனுப்பவும்' என்ற ஒரே வரி. ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதியதும் இதேதான்.

மொத்த விலையை மட்டும் கேட்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இது. ஒரே வேரியண்ட்டுக்கு ஒரு டீலர் 10,62,000 என்றார், இன்னொருவர் 10,49,000 என்றார். 13,000 மிச்சம் என்று இரண்டாமவரிடம் அட்வான்ஸ் கட்டினேன். பில் போடும் நாளில்தான் கணக்கைப் பிரித்துக் கேட்டேன்.

இருவருக்கும் ஷோரூம் விலை 9,00,000, சாலை வரி 1,17,000, பதிவும் ஃபாஸ்டேகும் சேர்த்து 3,000. அதுவரை வித்தியாசமே இல்லை. முதலாமவர், பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் சேர்த்த இன்சூரன்ஸுக்கு 42,000 போட்டிருந்தார், வேறெதுவும் இல்லை. இரண்டாமவர் ஜீரோ டெப் இல்லாமல் 34,000 போட்டு, ஹேண்ட்லிங் என்று 5,000, நான் கேட்காத ஆக்சசரீஸுக்கு 15,000 சேர்த்து, எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று 25,000 கழித்திருந்தார். மாற்றிக் கொடுக்க என்னிடம் பழைய வண்டியே கிடையாது! போனஸை எடுத்துவிட்டால் 10,74,000. அதே இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் இன்னும் 8,000. குறைந்த விலை என்று நம்பியவரிடம் உண்மையில் 20,000 அதிகம். முதலாமவரிடம் திரும்பிப் போனபோது நான் கேட்ட நிறம் விற்றுப்போயிருந்தது.

அதனால் மெயிலிலேயே இப்படி எழுதுங்கள்:

"ஷோரூம் விலை, சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ், பிற கட்டணங்கள், தள்ளுபடி ஆகியவற்றைத் தனித்தனி வரியாகத் தரவும். இன்சூரன்ஸுக்கு ஐடிவி எவ்வளவு, ஜீரோ டெப் உண்டா என்று குறிப்பிடவும். என்னிடம் எக்ஸ்சேஞ்ச் வண்டி இல்லை. கார்ப்பரேட் சலுகையும் கிடையாது. எனக்குப் பொருந்தும் தள்ளுபடியை மட்டும் கழிக்கவும்."

ஐடிவி என்பது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு. அதைக் குறைத்தால் பிரீமியம் குறைந்து கொட்டேஷன் மலிவாகத் தெரியும். ஆனால் வண்டி திருடுபோனால் கையில் வரும் தொகையும் குறையும். வெளியில் வாங்கும் பாலிசியையும் டீலர் ஏற்க வேண்டும் என்பதால், இன்சூரன்ஸ் இல்லாத மொத்தத்தையும் கேட்டு வாங்குங்கள். டீலர்களை ஒப்பிட அதுதான் நேர்மையான எண்.

வேரியண்ட் பெயரைப் பாதி எழுதுவது

எரிபொருள், கியர் வகை, நிறம் மூன்றும் வேண்டும். சில மாடல்களில் இரட்டை வண்ணத்துக்குத் தனி விலை உண்டு.

தயாரித்த மாதத்தைக் கேட்காமல் விடுவது

பெரிய தள்ளுபடி வந்தால் முதலில் இதைக் கேளுங்கள். போன வருடத்து ஸ்டாக்காக இருக்கலாம்.

எல்லா டீலர் முகவரியையும் To-வில் போடுவது

தனித்தனியாக அனுப்புங்கள்.

போனில் சொன்ன விலையைக் குறித்துக்கொள்வது

லெட்டர்ஹெட்டில், தேதியோடு, எந்த நாள் வரை செல்லும் என்று எழுதி வராத விலையை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை.