பில்லை எத்தனை வருஷம் வைக்க வேண்டும்? ஜிஎஸ்டி கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஆறு வருஷம் வைத்தால் போதும்” என்று கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆறு என்பது சரிதான். அந்த ஆறை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு 72 மாதம் என்கிறது. பில் தேதியிலிருந்தோ மார்ச் 31-லிருந்தோ எண்ணக் கூடாது. அந்த நிதியாண்டுக்கான ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் எப்போது தாக்கல் செய்தீர்கள் என்பது இதில் கணக்கே இல்லை.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 2018 ஜூன் 12-ம் தேதியிட்ட ஒரு கொள்முதல் பில் அவர்களிடம் இருக்கிறது. பில் தேதியிலிருந்து எண்ணுபவர் 2024 ஜூனில் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார். நிதியாண்டு முடிவிலிருந்து எண்ணுபவர் 2025 மார்ச் வரை வைத்திருப்பார். இரண்டுமே தவறு. 2018-19-க்கான ஆண்டு ரிட்டர்னின் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, கடைசியில் 2020 டிசம்பர் 31-ல் நின்றது. அங்கிருந்து 72 மாதம் என்றால் 2026 டிசம்பர் 31. அதாவது பில் தேதியிலிருந்து பார்த்தால் எட்டரை வருஷம்.

கெடு ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரே மாதிரி வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வழக்கமாக அடுத்த டிசம்பர் 31. ஆனால் 2019-20-க்கு 2021 மார்ச் 31, 2020-21-க்கு 2022 பிப்ரவரி 28. அதனால் ஒரே சூத்திரத்தை எல்லா ஆண்டுக்கும் போடாமல், ஆண்டுவாரியாகக் கெடுவையும் பில்லை அழிக்கக்கூடிய தேதியையும் எழுதி ஃபைல் அட்டையிலேயே ஒட்டிவிடுங்கள்.

கம்பெனியாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 128-வது பிரிவுப்படி, முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகமும் வவுச்சர்களும் கையில் இருக்க வேண்டும். 2026-27-ல் நின்று பின்னோக்கி எண்ணினால் எட்டாவதாக வருவது 2018-19. ஆக, அதே ஜூன் 12 பில்லை 2027 மார்ச் 31 வரை தொடக் கூடாது. இரண்டு சட்டத்தில் எது நீளமோ அதுதான் உங்கள் தேதி.

வழக்கு இருந்தால் இந்த எண்ணிக்கை எல்லாம் தள்ளிப்போகும். அப்பீலோ விசாரணையோ நடந்தால், அது முற்றாக முடிந்து ஒரு வருஷம் வரை, அல்லது 72 மாதம் வரை, எது பிந்தியதோ அதுவரை வைக்க வேண்டும். 2018-19 தொடர்பான அப்பீல் 2027 செப்டம்பரில் முடிந்தால், அதற்குரிய ஆவணங்கள் 2028 செப்டம்பர் வரை இருக்க வேண்டும். நோட்டீஸ் வந்த அன்றே அந்த ஆண்டு ஃபைலின் மேல் ‘அழிக்காதே’ என்று எழுதிவிடுவது நல்லது. பழையதை ஒழிக்கும் ஆளுக்கு வழக்கு இருப்பது பெரும்பாலும் தெரியாது. இயந்திரம், கட்டடம் போன்ற சொத்துகளின் பில்லை அந்தச் சொத்தை விற்கும் வரையிலும், விற்ற ஆண்டின் காலக்கெடு முடியும் வரையிலும் வைத்திருங்கள். வாங்கிய விலைக்கு வேறு ஆதாரம் கிடைக்காது.

பில் மட்டும் இருந்தால் போதுமா?

வரி வரவு எடுக்கக் கையில் பில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜிஎஸ்டி சட்டத்தின் 16-வது பிரிவு அதோடு நிற்பதில்லை. சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், 180 நாளுக்குள் பணமும் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்குச் சரக்கு விற்றவரின் பதிவு சில ஆண்டு கழித்து ரத்தானால், ‘சரக்கு உண்மையில் வந்ததா’ என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். அப்போது வெறும் பில்லைக் காட்டினால் பேச்சு நகராது. இ-வே பில், லாரி ரசீது, எடைச்சீட்டு, சரக்கு இறங்கியபோது கையெழுத்துப் போட்ட தாள், பணம் போன வங்கிப் பதிவு எல்லாம் வேண்டும். இவை ஐந்து இடத்தில் சிதறிக் கிடப்பதுதான் வழக்கமான நிலைமை. பில்லை ஸ்கேன் செய்யும்போதே இவற்றையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கினால் பிற்பாடு தேட வேண்டாம்.

தெர்மல் தாளில் வரும் பில்லுக்கு அவசரம் அதிகம். அதில் மை கிடையாது, சூடுபட்டால் கறுக்கும் பூச்சுதான். வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் எழுத்து மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் மொத்தத் தாளும் கறுத்துவிடும்! வந்த அன்றே ஸ்கேன் செய்துவிடுவதுதான் ஒரே வழி.

திருத்துவதில் நடக்கும் தவறு

ஏ-347 என்ற விற்பனை பில்லை எடுத்துக்கொள்வோம். சரக்கு 1,00,000 ரூபாய், 18 சதவீத வரி சேர்த்து 1,18,000. ரிட்டர்னில் ஏற்றியாகிவிட்டது. அப்புறம் வாங்கியவர் பேசி 10,000 ரூபாய் குறைத்துக்கொள்கிறார். கணக்கர் சாஃப்ட்வேரில் பழைய பில்லைத் திறந்து 90,000 என்று மாற்றி, 1,06,200-க்குப் புதுப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார். இப்போது உங்கள் புத்தகத்தில் 1,06,200, ரிட்டர்னில் 1,18,000, வாங்கியவர் எடுத்த வரவு 1,18,000-க்கு உரியது. ஒரே எண்ணில் இரண்டு பில் உலவுகிறது.

செய்திருக்க வேண்டியது, 10,000 ரூபாய்க்கும் 1,800 வரிக்கும் ஒரு கிரெடிட் நோட். பழைய பில் அப்படியே இருக்கும், மாற்றத்துக்குக் காரணமும் தாளில் இருக்கும். வரியைக் குறைத்துக்கொள்ள வேண்டுமானால், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்குள், எது முந்தியதோ அதற்குள் அந்த நோட்டை ரிட்டர்னில் காட்டிவிட வேண்டும்.

கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் சாஃப்ட்வேரே பதிந்து வைக்கும் பட்டியல்தான் எடிட் லாக். ‘எடிட் லாக் எல்லாம் கம்பெனிகளுக்குத்தான்’ என்பது பாதி உண்மை. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் விதி கடுமையானது. எந்தப் பதிவை மாற்றினாலும் தேதியோடு தடம் விழ வேண்டும், அந்த வசதியை யாராலும் நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும், ஆடிட்டர் அதைப் பற்றித் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். ஆனால் ஜிஎஸ்டி விதி 56, பதிவு பெற்ற எல்லோருக்கும் பொது. பதிவை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது என்றும், மின்னணு முறையில் கணக்கு வைத்தால் திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் லாக் வேண்டும் என்றும் அது சொல்கிறது. தனி உரிமையாளர் கடையும் இதில் அடங்கும்.

டாலி பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண டாலி பிரைமில் எடிட் லாக்கை ஆன் செய்யலாம், ஆஃப் செய்யவும் முடியும். ஆஃப் செய்ய முடியாத பதிப்பு தனியாக இருக்கிறது. கம்பெனிக்கு வேண்டியது பின்னது. எதை வைத்திருந்தாலும், ஆபீஸில் நான்கு பேரும் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போனால் லாக்கில் ஒரே பெயர்தான் வரிசையாக விழும். யார் திருத்தினார் என்று பார்க்கவே வழியில்லாத லாக்கால் உங்களுக்கு என்ன பயன்? ஆளுக்கொரு பெயர் கொடுப்பது ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, சாஃப்ட்வேர் மாறும்போது நடப்பது. பழையதிலிருந்து ஆரம்ப இருப்பை மட்டும் புதியதில் ஏற்றிவிட்டு, பழைய கம்ப்யூட்டரை விற்றுவிடுகிறார்கள். கணக்கு தொடர்கிறது, தடம் அறுந்துபோகிறது. பழைய டேட்டாவோடு, அதைத் திறக்கக்கூடிய சாஃப்ட்வேர் பதிப்பையும் காலக்கெடு வரை வைத்திருக்க வேண்டும். லெட்ஜர், டே புக், எடிட் லாக் ஆகியவற்றைப் பிடிஎஃப் ஆகவும் எடுத்து வைத்துவிட்டால், சாஃப்ட்வேர் திறக்காமல் போனாலும் தப்பிக்கலாம்.

கம்ப்யூட்டரில் சேமிக்கும்போது

இ-இன்வாய்ஸ் போடுபவர்கள் பிரிண்ட் எடுத்த பிடிஎஃப்பை மட்டும் சேர்த்து வைக்கிறார்கள். அது உங்கள் சாஃப்ட்வேர் வரைந்த படம்தான். அரசு போர்ட்டல் டிஜிட்டல் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பிய .json கோப்புதான் மூலம். ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் போர்ட்டல் தரும் எண்ணான ஐஆர்என் உருவான நாளிலிருந்து 6 மாதம் வரைதான் அதைப் போர்ட்டலில் பதிவிறக்க முடியும். மாதம் முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். ‘ரிட்டர்ன் எப்போதும் போர்ட்டலில் இருக்குமே’ என்றும் நம்பியிருக்க முடியாது. ஏழு ஆண்டுக்கு முந்தைய ரிட்டர்ன் விவரங்களைப் பார்வையிலிருந்து எடுத்துவிடும் கொள்கையை 2024-ல் அறிவித்தார்கள்.

அடுத்தது பேக்கப் பற்றிய குழப்பம். கூகுள் டிரைவ் மாதிரி தானாக ஒத்திசையும் ஃபோல்டரைப் பலர் பேக்கப் என்று நினைக்கிறார்கள். இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும், சில வாரத்தில் குப்பைத்தொட்டியிலிருந்தும் போய்விடும். கம்ப்யூட்டரிலேயே எப்போதும் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான், ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். ஒரு பிரதியாவது செருகாமல், வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். கம்பெனி என்றால், இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் என்பதும் விதி. அந்த ஸ்டோரேஜ் கணக்கைக் கம்பெனி பெயரில் திறவுங்கள். கணக்கரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் வேலையை விட்ட அன்று பில்களும் போய்விடும். அதிகாரி கேட்டால் கோப்புகளையும் அவற்றின் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டியது விதி 57-ன்படி உங்கள் கடமை.

கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்ட ஹாஷ் உதவும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசைதான் ஹாஷ். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். நிதியாண்டை முடித்ததும் அந்த ஆண்டு ஃபோல்டருக்குள் பவர்ஷெல் திறந்து இதை ஓட்டுங்கள்:

```
Get-ChildItem -Recurse -File | Get-FileHash | Export-Csv ..\hash-2024-25.csv -NoTypeInformation
```

எல்லாக் கோப்புக்கும் ஹாஷ் பட்டியல் ஃபோல்டருக்கு வெளியே ஒரு கோப்பாக விழும். அதை ஆடிட்டருக்கு அன்றே மெயில் அனுப்பிவிட்டால், எந்தத் தேதியில் அந்தக் கோப்புகள் எப்படி இருந்தன என்பதற்கு வெளி ஆதாரம் கிடைத்துவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவில், மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் காட்டத் தர வேண்டிய சான்றிதழ் படிவமும் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. ஆனால் ஹாஷ் சொல்வது ‘அன்றிலிருந்து மாறவில்லை’ என்பதை மட்டும்தான். முதலிலேயே தவறான பில்லை ஸ்கேன் செய்திருந்தால் அது காப்பாற்றாது.

ஆண்டுக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து பத்துப் பில்லை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஹாஷைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், ஸ்கேனில் ஜிஎஸ்டி எண்ணின் 15 இலக்கமும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். மங்கலாக இருந்தால் மூலத் தாள் இன்னும் இருக்கும்போதே மறுபடி ஸ்கேன் செய்துவிடலாம்.